துணிக்கடையில் கடன்: நல்ல வருடக் கணக்கும் மோசமான வருடக் கணக்கும்

இந்த வருடத்தில் என்னிடம் வந்த மூன்றாவது துணிக்கடை இது. மூன்று கடைக்காரர்களும் விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கி ராத்திரி வரை நிற்கிறவர்கள். ஊதாரித்தனம் யாரிடமும் கிடையாது. ஆனாலும் மூவரும் ஒரே கேள்வியோடு வந்து உட்கார்ந்தார்கள்: "சார், துணியில நூத்துக்கு 25 நிக்குது. வட்டி 12தான். அப்புறம் எப்படி சார் கையில ஒண்ணும் நிக்கல?"

சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். இதே பதிலை மூன்றாவது முறையாக வாயால் சொல்லி முடித்த அன்றுதான் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கடைசியாக வந்தவரின் கதையையே சொல்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். எண்களையும் கணக்கு எளிதாக இருக்கும்படி முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அப்பா நடத்திய கடை. அவர் காலத்தில் கடனே கிடையாது. கடையில் இருந்த பணம் 50 லட்சம், எல்லாம் குடும்பத்தின் சொந்தப் பணம். வருடத்துக்கு 1 கோடிக்கு விற்பனை. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் போக 9 லட்சம் மிஞ்சும். போட்ட பணத்துக்கு 18 சதவீதம். மகன் பொறுப்புக்கு வந்ததும் பக்கத்துக் கட்டடம் காலியானது. 12 சதவீத வட்டியில் 50 லட்சம் கடன் வாங்கி, கடையை இரண்டு மடங்கு ஆக்கினார்.

முதல் வருடம் எல்லாம் நினைத்தபடி நடந்தது. விற்பனை 2 கோடி, செலவு போக 18 லட்சம். அதில் வட்டி 6 லட்சம் போனாலும் 12 லட்சம் அவருடையது. சொந்தப் பணம் அதே 50 லட்சம்தான், ஆனால் வருமானம் 18 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகிவிட்டது. அந்த 12 லட்சத்தை அப்படியே எடுத்து வீட்டுக்கு மாடி கட்டினார். முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று வங்கி சொல்லியிருந்ததால், அசல் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

இங்கே அந்த "நூத்துக்கு 25" விஷயத்தை முடித்துவிடுகிறேன், என்னை அதிகம் வருத்துவது அதுதான். 25 என்பது ஒரு விற்பனையில், அதுவும் துணியின் கொள்முதல் விலையை மட்டும் கழித்த பிறகு நிற்பது. அந்த 25-இல் 16 வாடகைக்கும் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் போய்விடுகிறது. மிஞ்சுவது 9. போட்ட பணத்தைப் போல இரண்டு மடங்கு விற்பனை நடப்பதால் அந்த 9 வருடத்தில் இரண்டு முறை கிடைத்து 18 ஆகிறது. வட்டி 12 என்பது ஒரு விற்பனைக்கு அல்ல, ஒரு வருடத்துக்கு. அதனால் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய எண் 18. 25-ஐப் பார்க்கிறவருக்கு நடுவில் 13 இடைவெளி இருப்பதாகத் தெரியும். உண்மையில் இருப்பது 6. அந்த 6-ம் சரக்கு விற்றால்தான். துணி அலமாரியில் தூங்கினால் 18 குறையும், 12 குறையாது. தயவுசெய்து, விற்பனையில் நிற்கும் லாபத்தையும் வருட வட்டியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இரண்டாம் வருடம் சீசன் நேரத்தில் இரண்டு வாரம் விடாத மழை. சீசனில் விற்காதது அதன் பிறகு பாதி விலைக்கும் நகராது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வருட முடிவில் விற்பனை 2 கோடியிலிருந்து 1 கோடியே 52 லட்சம் ஆனது. நான்கில் ஒரு பங்கு குறைவு, பேரிடர் என்று சொல்ல முடியாது. ஆனால் விற்பனையில் நிற்கும் லாபம் 50 லட்சத்திலிருந்து 38 லட்சமாகக் குறைந்தபோது, வாடகையும் சம்பளமும் அதே 32 லட்சமாக நின்றன. மிஞ்சியது 6 லட்சம். வட்டியும் 6 லட்சம்.

அன்று என் மேஜையில் அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு கோடு போடச் சொன்னேன். இடப்பக்கம் அப்பா கடை, வலப்பக்கம் அவர் கடை. நல்ல வருடம்: அப்பாவுக்கு 18 சதவீதம், மகனுக்கு 24. மோசமான வருடம்: அப்பாவின் 50 லட்சம் கடையிலும் அதே மாதிரி விற்பனை குறைந்திருந்தால் 3 லட்சம் மிஞ்சியிருக்கும், அதாவது 6 சதவீதம். மகனுக்கு பூஜ்யம். அவர் பேனாவை அந்தப் பூஜ்யத்தின் மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "துணியும் அதே துணி, வாடிக்கையாளரும் அதே ஆளுங்கதானே சார்?" என்றார்.

"அதேதான் அண்ணே. கடை மாறல. கடையோட வருமானத்தை யார் யார் எப்படிப் பிரிச்சுக்கிறீங்கங்கறது மாறிடுச்சு."

வங்கி தன் பங்கை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்கிறது. நல்ல வருடத்தில் அது அதிகம் கேட்காது, அதனால் உபரி முழுக்க உங்களுக்கு. மோசமான வருடத்தில் அது குறைத்தும் வாங்காது, அதனால் துண்டு முழுக்க உங்களுக்கு. ஒரு கோடி ரூபாய்க் கடையின் ஏற்ற இறக்கம் மொத்தத்தையும் 50 லட்சம் தோள் சுமக்கிறது. அப்பா கடையில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே 12 புள்ளி வித்தியாசம், மகன் கடையில் 24. வருமானத்தைக் கூட்டியதும் ஆபத்தைக் கூட்டியதும் ஒரே கடன்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட வழியில்லை. கடை மொத்தப் பணத்துக்கு 12-க்கு மேல் சம்பாதித்தால் கடன் உங்கள் பக்கம் தள்ளும். 12-க்குக் கீழே போனால் உங்களிடமிருந்து பிடுங்கும்.

சரி, பூஜ்யம்தானே, நஷ்டம் இல்லையே என்று நினைக்கலாம். அவரும் அப்படித்தான் ஆறுதல் தேடினார். ஆனால் இரண்டாம் வருடத்திலிருந்து அசலில் வருடத்துக்கு 10 லட்சம் கட்ட வேண்டியிருந்தது. அசல் லாப நஷ்டக் கணக்கில் செலவாக வராது, கல்லாவிலிருந்து மட்டும் போகும். கையில் பணமில்லாததால் சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதை நிறுத்தி வங்கிக்குக் கட்டினார். பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கு அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த சீசனுக்கு அலமாரியில் போன வருடத்துத் துணிதான். வங்கித் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை, ஆனால் கடை வாடத் தொடங்கிவிட்டது. தவணை ஒழுங்காகப் போகிறது என்பதை மட்டும் வைத்துக் கடை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். சப்ளையர் பாக்கி ஏறுகிறதா என்று பாருங்கள். நோய் முதலில் தெரிவது அங்கேதான்.

நேரில் போய்ச் சரக்கைப் பார்த்தேன். இரண்டாம் தளத்தில் கீழ்த்தட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாக விரித்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நிறம் வெளுத்துக் கோடு கோடாக இருந்தது. விலைச் சீட்டு மட்டும் பழைய விலையைக் காட்டியது. கணக்குப் புத்தகத்திலும் அது கொள்முதல் விலைக்கே, 10 லட்சம் என்று இருந்தது. தள்ளுபடியில் போட்டாலும் 6 லட்சத்துக்கு மேல் வராது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த 4 லட்சம் நஷ்டம் ஒரு கோடிச் சொத்தில் 4 சதவீதம். ஆனால் வங்கிக்குத் தர வேண்டிய தொகை அதனால் ஒரு பைசாகூடக் குறையாது, முழு 4 லட்சமும் சொந்தப் பணத்திலிருந்துதான் கழியும். அங்கே அது 8 சதவீதம். (கடன் வரம்பு குறையக்கூடாது என்பதற்காகப் பழைய சரக்கை நல்ல விலைக்குக் காட்டி வங்கிக்குப் பட்டியல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அது பொய்க்கணக்கு. முதலில் ஏமாறுவதும் நீங்கள்தான், ஏனென்றால் உங்கள் முடிவுகளையும் அதே பட்டியலை நம்பித்தான் எடுக்கிறீர்கள்.)

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் 50-க்குப் பதில் 25 லட்சம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அதே பில் புத்தகத்தில் போட்டுப் பார்த்தோம். நல்ல வருடத்தில் 75 லட்சத்துக்கு 13.5 லட்சம் வந்து, வட்டி 3 லட்சம் போக 10.5 மிஞ்சியிருக்கும். 21 சதவீதம். மோசமான வருடத்தில் 4.5 லட்சம் வந்து, வட்டி போக 1.5 லட்சம். 3 சதவீதம். அப்பாவை விடக் கொஞ்சம் அதிகம் ஓடியிருப்பார், விழுந்திருக்க மாட்டார். அசலைக் கட்டத் திணறியிருப்பார்தான், ஆனால் 10 லட்சத்தைத் தேடுவதும் 5 லட்சத்தைத் தேடுவதும் ஒன்றல்ல.

அதனால் வங்கிக்குப் போகும் முன் கடந்த ஐந்து வருடக் கணக்கை எடுத்து வையுங்கள். அதில் மிக மோசமான வருடத்தைத் தேர்ந்தெடுங்கள், சராசரியை வேண்டாம். அந்த வருடத்தில் வட்டி கட்டும் முன் மிஞ்சியதைக் கடையில் இருந்த மொத்தப் பணத்தால் வகுத்துப் பாருங்கள். அது வாங்கப்போகும் கடனின் வட்டி விகிதத்துக்குக் கீழே இருந்தால், அப்படி ஒரு வருடம் திரும்ப வரும்போது அசலும் வட்டியும் எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத முடியவில்லையா, தொகையைக் குறையுங்கள். நல்ல வருடத்து லாபத்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்த மாடி அடுத்த வருடம் கட்டலாம்.

அவர் இப்போது கீழ்த்தட்டுச் சரக்கைத் தள்ளுபடியில் போட்டுவிட்டார். வந்த 6 லட்சத்தை வைத்துச் சப்ளையர் பாக்கியைத்தான் முதலில் தீர்த்தார். வங்கியில் பேசி அசலை நீண்ட காலத்துக்கு மாற்றிக்கொண்டார், மொத்த வட்டி கூடும் என்று தெரிந்தே. பக்கத்துக் கட்டடத்தில் பாதியை விட்டுவிடப் போகிறார்.

போன வாரம் போனில் கூப்பிட்டார். ஒரு சப்ளையர் தொண்ணூறு நாள் தவணையில் 8 லட்சத்துக்குச் சரக்கு தருகிறேன், வட்டியே இல்லை என்கிறாராம். ரொக்கத்துக்கு எடுத்தால் அதே சரக்கு என்ன விலை என்று கேட்டேன். 7 லட்சத்து 70 ஆயிரம் என்றார். போனிலேயே கணக்குப் போட்டார். மூன்று மாதத்துக்கு 30 ஆயிரம், வருடத்துக்குப் பார்த்தால் 15 சதவீதத்துக்கு மேல். "சார், இதையும் கடன் பக்கத்துலதான் எழுதணும், இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பாதிச் சரக்கு போதும் என்று முடிவு செய்தார்.