ஆவுளியா என்ன சத்தம் போடும்?

ஆங்கிலக் குழந்தைப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி உண்டு. பசு 'மூ' என்றது, நாய் 'வூஃப்' என்றது. இதை அப்படியே தமிழில் இறக்கி, பாம்பன் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வாசித்துக் காட்டினால் முதல் பாதி எப்படியோ தப்பித்துவிடும். 'மூ' என்று நாம் சொன்னாலும் பிள்ளைகள் 'ம்மா' என்று தாங்களே திருத்திக்கொள்வார்கள். 'வூஃப்' வந்ததும்தான் முழிப்பார்கள். உதட்டைக் குவித்துக் காற்றை வெளியே தள்ளும் அந்தச் சத்தம் நம்மூரில் கஞ்சி ஊதி ஆற்றுவதற்கானது. நாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரே வரியில் பசு பிழைத்து நாய் மாட்டிக்கொள்வது ஏன் என்பதற்கு முதலில் பசுவின் வாயைப் பார்க்க வேண்டும். மேய்ச்சல் முடிந்து சாயங்காலம் திரும்பும் பசு, கன்று கட்டியிருக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் வாயை மூடியபடியே அடித்தொண்டையில் ஒரு முனகல் கொடுக்கும். கன்று கண்ணில் படாவிட்டால் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, தெருவே கேட்கும்படி கத்தும். இரண்டும் வேறு வேறு குரல்கள். இங்கிலாந்தில் பண்ணைப் பசுக்களின் குரலைப் பதிவுசெய்து அளந்த ஓர் ஆய்வில், கன்று அருகில் இருக்கும்போது எழும் வாய்மூடிய குரலின் அடிப்படை அதிர்வு சராசரியாக 81 ஹெர்ட்ஸ் என்றும், பிரிந்திருக்கும்போது எழும் திறந்த குரலுக்கு அது 153 ஹெர்ட்ஸ் அளவு என்றும் தெரிந்தது.

வாய் மூடியிருக்கக் குரல் மட்டும் ஓடினால் காற்று மூக்கு வழியாகத்தான் வெளியே போகும். மனிதர் அதைச் செய்தால் வரும் ஒலிதான் 'ம்'. அது இல்லாத மொழி உலகத்தில் மிக அபூர்வம். ஆக, மூடிய வாயிலிருந்து திறந்த வாய்க்குப் போகும் பசுவின் கத்தலைப் பிடிக்க ஏறக்குறைய எல்லா மொழியிடமும் 'ம்' தயாராக இருக்கிறது. அதற்குப் பின்னால் எந்த உயிரெழுத்தைப் போடுவது என்பதில்தான் வேறுபாடு. நாம் அகலத் திறந்த 'ஆ'வை எடுத்துக்கொண்டோம், ஆங்கிலக்காரர்கள் குவிந்த 'ஊ'வை எடுத்துக்கொண்டார்கள், ஜப்பானியர் 'மோ' என்கிறார்கள். ஃபின்லாந்தில் 'அம்மூ'. பசு தாயைக் கூப்பிடுகிறது என்று நாம் உருகுவதெல்லாம் அப்புறம் வந்த விளக்கம். அம்மா என்ற சொல் இல்லாத ஊரிலும் மாட்டின் சத்தத்துக்கு முன்னால் ஓர் 'அ' ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.

நாய்க்கு இந்த வசதி இல்லை. மண்டபம் ஊரில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சுற்றும் நாய் ஒரு தடவை குரைப்பது, ஒரு விநாடியில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும். சட்டென்று வெடித்துக் கிளம்பும். ஒரே சுருதியில் நிற்காது, பல அதிர்வுகள் கலந்த கரகரப்பாக இருக்கும். வந்த வேகத்தில் அறுந்தும் போகும். இத்தனையும் சேர்ந்து ஒலிக்கும் ஓர் எழுத்து எந்த மொழியிலும் கிடையாது. அதனால் ஒவ்வொரு மொழியும் அதில் ஏதாவது ஓர் அம்சத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. வாய் திறக்கும் அசைவைக் கவனித்தவர்கள் 'வ'வில் தொடங்குகிறார்கள். தொண்டையில் வெடிப்பதைக் கவனித்தவர்கள் 'க'வில் தொடங்குகிறார்கள். மூச்சு சீறுவதைக் கவனித்தவர்களுக்கு 'ஹ'. துருக்கி நாய் 'ஹவ் ஹவ்', இந்தோனேசிய நாய் 'குக் குக்', கொரிய நாய் 'மோங் மோங்', ஜப்பான் நாய் 'வன் வன்'.

முடிவு எப்படி அமைகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். ஜப்பானிய மொழியில் ஒரு சொல் உயிரில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் 'ன்' போன்ற ஒரே ஒரு மெய்யில் முடியலாம். வேறு கதவு இல்லை. குரைப்பைச் சட்டென்று அறுக்க நினைத்தவர்களுக்குக் கையில் கிடைத்தது அந்த 'ன்' ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'ஃப்' முடிவு சாதாரணம், ஆகவே 'வூஃப்'. தமிழில் சொல்லின் கடைசியில் ள் தாராளமாக வரும். முள், கள், தேள் எல்லாம் அப்படித்தான். நாயும் 'லொள்' என்றோ 'வள்' என்றோ முடித்துக்கொண்டது. நாக்கு நுனி பின்னால் மடங்கி அண்ணத்தில் ஒட்டும்போது ஒலி மங்கி அடைபடுகிறது அல்லவா, குரைப்பின் வால் அங்கே பொருந்திவிட்டது.

ஆனால் 'லொள்' தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பழைய இலக்கணப்படி ல சொல்லுக்கு முதலில் வராது. இலங்கை, உலகம், உலோகம் என்று முன்னால் ஓர் இ, உ போட்டுக்கொண்டது அதனால்தான். ட-வும் முதலில் வராது, வல்லின மெய் கடைசியில் நிற்காது. ஓலையை வெட்டும்போது 'டக்' என்று கேட்கிறதே, அந்த ஒரு சொல் இரண்டு விதியையும் ஒரே மூச்சில் மீறுகிறது. படக், சடக், டமார், டொக் என்று ஒலிக்குறிப்புகள் எல்லாமே இந்தச் சலுகையை அனுபவிக்கின்றன. பண்டிதர் முதல் படிக்காதவர் வரை யாருக்கும் இது உறுத்துவதில்லை.

சலுகைக்கும் எல்லை உண்டு. எழுத்து எங்கே நிற்கலாம் என்ற விதியை ஒலிக்குறிப்பு மீறும். மொழியில் இல்லாத எழுத்தை உள்ளே கொண்டுவருவது அரிது. 'லொள்' விதியை மீறினாலும் அதிலுள்ள ல், ஒ, ள் மூன்றும் நம்முடையவை. 'வூஃப்'பில் உள்ள 'ஃப்' நம்முடையது அல்ல. மொழிபெயர்ப்பு வரி தடுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். விதிவிலக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது: பரிதாபப்படும்போது நாக்கைப் பல்லில் ஒட்டி உள்ளிழுத்து 'ச்சு ச்சு' என்கிறோமே, அது எந்தத் தமிழ் எழுத்தும் அல்ல. எழுதும்போது மட்டும் ச என்று சமாளித்துவிடுகிறோம்.

'என்று' என்ற சின்னச் சொல்லையும் விட்டுவிடக் கூடாது. 'என' என்ற இடைச்சொல் எங்கெங்கே வரும் என்று சொல்லும் தொல்காப்பிய நூற்பா, வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடங்களைத் தருகிறது. இசை என்பது இங்கே சத்தம். சத்தத்தைத் தனியே விடாமல் 'என்று' மேல் ஏற்றி, பிறகு வினையோடு பூட்டுவது நம் வழக்கம். அந்த வினையும் விலங்குக்கு விலங்கு மாறும். நாய் குரைக்கும், காகம் கரையும், சேவல் கூவும், மயில் அகவும், குதிரை கனைக்கும், யானை பிளிறும். ஆங்கிலப் படப்புத்தக வரியில் எல்லா விலங்குக்கும் 'சொல்லிற்று' என்ற ஒரே வினைதான். அதனால் அங்கே முழு வேலையையும் ஒலிக்குறிப்பே செய்ய வேண்டியிருக்கிறது. தமிழில் 'நாய் லொள் லொள் என்று குரைத்தது' என்றால் பாதிச் சுமையை வினை தூக்கிக்கொள்ளும்.

சரி, இந்த வரியைக் கேட்டுத் திருப்பிச் சொல்லப்போவது யார்? ஒன்றரை வயதுக் குழந்தை என்றால் 'லொள்' கஷ்டம். ப, ம, வ போல உதட்டில் பிறக்கும் ஒலிகள் சீக்கிரம் வந்துவிடும். நாக்கை மடக்க வேண்டிய ள, ழ-வும், நுனி அதிர வேண்டிய ர-வும் வருடக்கணக்கில் தாமதிக்கும். அந்த வயதுப் பிள்ளை நாயை 'வவ் வவ்' என்றுதான் சொல்லும், வீட்டிலும் அப்படியே சொல்லிக்கொடுப்பார்கள். நாயைக் கூப்பிட 'தோ தோ' என்பது மூன்றாவது சத்தம், அது நாயுடையதே அல்ல, நம்முடையது. மடியில் வைத்துக் காட்டும் புத்தகத்துக்கு 'வவ் வவ்', பள்ளி வயதுக்கு 'லொள் லொள்' என்று பிரித்து எழுதினால் தவறில்லை. வரி பொருந்தியதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாமல் சும்மா இருப்பது. பொருந்தியிருந்தால் குழந்தை தானே அந்தச் சத்தத்தைப் போடும். நம் முகத்தைப் பார்த்தால் பொருந்தவில்லை.

இதுவரை சொன்னவை மரபு சொல்லைக் கொடுத்துவிட்ட விலங்குகள். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கு என்ன எழுதுவது? அதன் இன்னொரு பெயரான கடற்பசு என்பதைப் பார்த்ததும் 'ம்மா' போடக் கை பரபரக்கும். அது தப்பு. ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிப் பதிவுசெய்தவர்கள் கேட்டது குருவி கத்துவது போன்ற கீச்சொலிகளை. 400 கிலோ எடைக்கு வளரும் உயிர் அப்படித்தான் கத்துகிறது. ஒரு கீச்சு கால் விநாடிகூட நிற்காது, 3,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். சில சமயம் அதே உயரத்தில் அதிர்ந்தபடி நீண்டு போகும் ஒரு சுழற்றலும் உண்டு. கூடவே குரைப்பு மாதிரி தாழ்ந்த ஒன்று.

இதற்குச் சொல் செய்வது கடினம் அல்ல. உயர்ந்த ஒலிக்கு எந்த உயிரெழுத்து என்பதை வாயின் அமைப்பே சொல்லும். 'ஈ' சொல்லும்போது நாக்கு முன்னால் ஏறி, அதற்கும் பல்லுக்கும் நடுவே சின்ன அறைதான் மிஞ்சுகிறது. சின்ன அறை உயர்ந்த அதிர்வை ஊக்கும். 1952இல் அமெரிக்க ஆண்களின் குரலை அளந்தபோது 'ஈ'யின் இரண்டாவது ஒத்ததிர்வு, அதாவது வாயறை ஊக்கும் அதிர்வுகளில் இரண்டாவது, 2,300 ஹெர்ட்ஸ் பக்கமும், உதடு குவித்து நாக்கைப் பின்னிழுக்கும் 'ஊ'வுடையது 900-க்குச் சற்றுக் கீழேயும் வந்தன. எனவே 'ஈ'. திடீரென்று தொடங்க முன்னால் ஒரு க், உரசி முடியப் பின்னால் ஒரு ச். 'கீச்' கிடைத்துவிட்டது, தமிழில் ஏற்கெனவே புழங்குவதும்கூட. அதிர்ந்து நீளும் சத்தத்துக்கு நாக்கு நுனி அதிரும் ர் இருக்கிறது: 'கிர்ர்ர்'. ர் சொல்ல வராத பிள்ளைக்குக் 'கீச்' மட்டும் போதும்.

'ஆவுளியா கீச் கீச் என்று கீச்சிட்டது.' வரி தமிழாக நிற்கிறது. ஒன்றை மட்டும் ஓவியரிடம் சொல்லி வைக்க வேண்டும். மூச்சு வாங்க ஆவுளியா மேலே வரும்போது கேட்பது மூச்சுச் சத்தம். கீச்சுகள் பதிவானது தண்ணீருக்குள். தலையை வெளியே நீட்டிக் கத்துவது போல வரைந்தால் வரி சரியாக இருந்தும் படம் பொய் சொல்லும்.