6-க்கு 3 செவ்வகத்தில் ஒளிந்துகொள்ளும் தவறு

ஒரு செவ்வகத்தின் நீளம் 6 செ.மீ., அகலம் 3 செ.மீ. அதன் பரப்பளவு என்ன? கணக்குப் பயிற்சித் தாள்களில் அடிக்கடி வரும் கேள்விதான். பிள்ளை 18 என்று எழுதினால் சரி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம்.

ஆனால் அந்த 18 எப்படி வந்தது? ஆறையும் மூன்றையும் பெருக்கினாலும் 18. நான்கு பக்கங்களையும் கூட்டினாலும், 6+3+6+3, அதே 18. பரப்பளவுக்குப் பதிலாகச் சுற்றளவைப் போட்ட பிள்ளைக்கும் இங்கே முழு மதிப்பெண். பக்கம் 4 செ.மீ. உள்ள சதுரத்திலும் இதே சிக்கல் உண்டு: இரண்டு வழியிலும் 16. பக்கங்கள் முழு எண்ணாக இருக்கும் செவ்வகங்களில் இப்படி இரண்டு விடையும் ஒன்றாகிப் போவது இந்த இரண்டில் மட்டும்தான். துரதிர்ஷ்டம் என்னவென்றால், எண்கள் சின்னதாக இருப்பதால் கேள்வி எழுதுபவர் கை முதலில் இவற்றைத்தான் தேடிப் போகிறது.

குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஒவ்வொரு தவறான யோசனையும் தனக்கென ஒரு தனி எண்ணில் போய் நிற்க வேண்டும். 8-க்கு 5 செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு கேட்டால் சரியான விடை 40. சுற்றளவோடு குழப்பிய பிள்ளை 26 எழுதும். கண்ணில் படும் இரண்டு எண்களை மட்டும் கூட்டும் பிள்ளை 13-இல் நின்றுவிடும். இரண்டு சூத்திரங்களையும் கலந்து 2×8×5 போட்டால் 80 வரும். எந்த எண்ணும் இன்னொன்றோடு மோதவில்லை. விடையைப் பார்த்தாலே பிள்ளை எந்த வழியில் போனது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

என்னிடம் படிக்கும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி 6-க்கு 3 கணக்கைச் சரியாகவே போட்டிருந்தாள். சந்தேகத்தில் இரண்டு கேள்விகள் கொடுத்தேன். முதலாவதில் 8-க்கு 5 செவ்வகம். நான்கு பக்கங்களிலும் அளவை எழுதிப் பரப்பளவு கேட்டேன். இரண்டாவதில் 9-க்கு 3 செவ்வகம். இரண்டு பக்கங்களில் மட்டும் அளவை எழுதிச் சுற்றளவு கேட்டேன். முதலாவதற்கு 26, இரண்டாவதற்கு 27 என்று எழுதினாள்.

இரண்டும் தவறு, ஆனால் இரண்டிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. படத்தில் நான்கு எண்கள் இருந்தால் கூட்டுகிறாள், இரண்டு இருந்தால் பெருக்குகிறாள். கேள்வியில் இருந்த சொல்லை அவள் பார்க்கவே இல்லை. அவள் மேல் குற்றமில்லை. பெரும்பாலான தாள்களில் சுற்றளவுக் கணக்குக்கு எல்லாப் பக்கங்களிலும் அளவு எழுதியிருக்கும், பரப்பளவுக் கணக்குக்கு நீளமும் அகலமும் மட்டும் இருக்கும். இத்தனை நாளும் அந்த வழக்கம்தான் அவளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்த வழக்கத்தை வேண்டுமென்றே தலைகீழாக மாற்றிக் கேட்டேன்.

அப்புறம் மூன்றாவது கேள்வி. இதில் பரப்பளவு, சுற்றளவு என்ற சொற்களே கிடையாது. 7 மீட்டருக்கு 4 மீட்டர் இடம். சுற்றிலும் வேலி போட எத்தனை மீட்டர் வேலி வேண்டும்? தரை முழுக்க ஒரு மீட்டர் சதுரக் கல் பதிக்க எத்தனை கல் வேண்டும்? கொஞ்சம் யோசித்து 22 மீட்டர், 28 கல் என்று எழுதினாள். இரண்டும் சரி.

ஆக, வேலியும் தரையும் வேறு வேறு என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். எது எதற்குப் பெயர் என்பதுதான் ஒட்டவில்லை. அவள் படிப்பது ஆங்கில வழியில். ‘ஏரியா’ என்றால் அவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘எந்த ஏரியாவில் வீடு?’ என்பதில் வரும் ஏரியாதான். ‘பெரிமீட்டர்’ எந்த ஊர்ச் சொல் என்றே தெரியாது. தமிழில் இந்த இரண்டு பெயர்களும் பொருளைத் தாங்களே சொல்லிவிடுகின்றன: சுற்றி வந்தால் கிடைப்பது சுற்றளவு, பரப்பி வைத்தால் கிடைப்பது பரப்பளவு. அதைச் சொன்னதும் அவளுடைய தாளில் மாற்றம் தெரிந்தது. வேலிக் கேள்வியிலும் தவறியிருந்தால் நான் போயிருக்க வேண்டிய வழி வேறு.

அந்த வேறு வழி தேவைப்பட்டது இன்னொரு மாணவனுக்கு. கட்டம் போட்ட தாளில் நீளத்தில் 5 கட்டம், அகலத்தில் 4 கட்டம் உள்ள செவ்வகம் வரைந்து சுற்றளவு கேட்டேன். சரியான விடை 18. பரப்பளவோடு குழப்பியிருந்தால் 20 வந்திருக்கும். அவன் எழுதியது 14. முதலில் கூட்டல் பிழை என்றுதான் நினைத்தேன். எண்ணிக் காட்டச் சொன்னேன். விரலை ஓரத்துக் கட்டங்களுக்குள் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தான். மூலைக் கட்டத்தை ஒரு தடவைதான் தொட்டான். அந்தக் கட்டத்துக்கு வெளியே பார்த்தபடி இரண்டு பக்கங்கள் இருப்பது அவன் கணக்கில் வரவில்லை. நான்கு மூலைக்கு நான்கு குறைந்து 18, 14 ஆகிவிட்டது.

இவனுக்குப் பெயர்கள் குழம்பவில்லை. ‘சுற்றி’ என்பது புரிந்திருக்கிறது. ஆனால் கோட்டை அளக்க வேண்டிய இடத்தில் கட்டத்தை எண்ணுகிறான். சூத்திரத்தை இன்னும் பத்துத் தடவை எழுத வைத்தாலும் இது சரியாகாது. தீக்குச்சி நீளத்துக்குக் கட்டம் வரைந்து, ஓரக் கோட்டின் மேல் குச்சிகளை அடுக்கச் சொன்னேன். மூலைக்கு வந்ததும் ஒரே கட்டத்துக்கு இரண்டு குச்சி வைக்க வேண்டியிருந்தது. அங்கே அவன் நிறுத்தி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

எண்கள் சரியாக வந்தாலும் உள்ளே தங்கிவிடும் குழப்பம் ஒன்று இருக்கிறது. பரப்பளவு கூடினால் சுற்றளவும் கூடும், குறைந்தால் அதுவும் குறையும் என்ற நம்பிக்கை. இதற்குக் கணக்குப் போட வைக்காமல் ஓர் அட்டையைத்தான் கையில் எடுப்பேன். அட்டை 10-க்கு 6 செ.மீ.; பரப்பளவு 60, சுற்றளவு 32. மூலையில் 3-க்கு 2 துண்டு ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டும் என்ன ஆகும் என்று கேட்பேன். பரப்பளவு 54 ஆகிறது. சுற்றளவோ அதே 32, ஏனென்றால் வெட்டியதில் போன 3-ம் 2-ம் உள்பக்கமாக அப்படியே திரும்பி வந்துவிடுகின்றன. சூத்திரத்தில் தடுமாறாத பிள்ளைகளும் இங்கே ‘ரெண்டும் குறையும்’ என்பார்கள்.

இது பெரியவர்களுக்கும் பழைய குழப்பம்தான். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவான ஸ்டேடியாவில் மெகலோபொலிஸ் நகரின் சுற்றளவு 50, ஸ்பார்ட்டா நகரின் சுற்றளவு 48. அப்படியிருந்தும் ஸ்பார்ட்டாதான் இரண்டு மடங்கு பெரியது என்றால் மக்கள் நம்ப மறுக்கிறார்கள் என்கிறார்.

அட்டைக் கேள்வியை ஒரு தடவையோடு விடக்கூடாது. ‘வெட்டினால் சுற்றளவு மாறாது’ என்று பிள்ளை அதையே ஒரு விதியாக மனப்பாடம் செய்துவிடும். அதனால் அடுத்த அட்டையில் அதே 3-க்கு 2 துண்டை நீளப் பக்கத்தின் நடுவில், 2 செ.மீ. ஆழத்துக்கு வெட்டச் சொல்வேன். பரப்பளவு மறுபடி 54. ஆனால் இந்தத் தடவை பள்ளத்தின் இரண்டு சுவர்களும் புதிதாகச் சேர்வதால் சுற்றளவு 36. அட்டை சிறியதாகி, ஓரம் நீண்டிருக்கிறது.

‘மாறாது’ என்று சட்டென்று சொன்ன பிள்ளையிடம் நான் விடையைச் சொல்வதில்லை. நூல் ஒன்றைக் கொடுத்து, ஓரத்தை ஒட்டியே பிடித்துக்கொண்டு போகச் சொல்வேன். முதல் அட்டையைச் சுற்றப் போதுமாக இருந்த நூல், இரண்டாவதில் 4 செ.மீ. முன்னாலேயே தீர்ந்துபோகும்.