ஜிமிக்கிப் படத்தின் பின்னணியை மாற்றும்போது முடியை வெட்ட வேண்டியதில்லை

நகைகளின் விற்பனைப் படங்களைத் திருத்தும் வேலையில் அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்று உண்டு. வெளிர்சாம்பல் பின்னணியில், கூந்தலை விரித்துவிட்டு ஜிமிக்கி அணிந்திருக்கும் மாடலின் படத்தைக் கொடுத்து, பின்னணியைக் கரும்பச்சையாக மாற்றித் தரச் சொல்வார்கள். பலரும் உடனே ஃபோட்டோஷாப்பின் Select and Mask பகுதிக்குப் போய், முடியின் ஓரமெங்கும் Refine Edge Brush ஓட்டி, உருவத்தைத் தனியே வெட்டியெடுத்துப் பச்சையின் மேல் வைக்கிறார்கள். முடியைச் சுற்றி வெளுப்பாகக் கோடு தெரிந்தால் Decontaminate Colors-ஐத் தேர்வு செய்கிறார்கள். நகைப் படம் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஓரத்து முடியிழை பல படங்களில் ஒரு பிக்சலைவிட மெல்லியது. அதனால் அந்தப் பிக்சலில் முடியின் கருமையும் பின்னணியின் சாம்பலும் கலந்தே பதிவாகியிருக்கும். மாஸ்க் அந்தப் பிக்சலை எவ்வளவு காட்டுவது என்று தீர்மானிக்குமே தவிர, அதில் கலந்த சாம்பலைப் பிரித்தெடுக்காது. Decontaminate Colors அத்தகைய ஓரப் பிக்சல்களுக்கு அருகிலுள்ள பகுதியின் நிறத்தை ஏற்றிவிடுகிறது. கூந்தலுக்கு இது உதவலாம். ஆனால் ஜிமிக்கியின் மெல்லிய கம்பியும் அதற்கு ஓரம்தான். அங்கே பொன் நிறத்தின் மேல் கன்னத்தின் நிறமோ முடியின் நிறமோ படிந்துவிடக்கூடும். வாங்குபவர் நிறத்தைப் பார்த்துத்தான் நகையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதால், இதைச் சிறு குறை என்று விட்டுவிட முடியாது.

வெளிர் பின்னணியும் கருங்கூந்தலும் உள்ள படத்தில் வெட்டாமலேயே நிறத்தை மாற்றலாம். படத்துக்கு மேலே Solid Color லேயர் ஒன்றைச் சேர்த்து, அதன் கலப்பு முறையை Multiply ஆக்கிவிட்டால், வெளிர் பகுதிகள் பச்சையாகும், கரிய இழைகள் கரியவையாகவே நிற்கும். ஓரத்தில் கலந்திருந்த சாம்பலும் பச்சையாகிவிடுவதால் வெளுப்புக் கோட்டுக்கு இடமே இல்லை.

இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். Multiply நிறத்தைக் கருமையாக்கும் முறை. பின்னணியின் மதிப்பு 230 என்றால், R 20, G 90, B 70 என்று நீங்கள் தரும் பச்சை ஏறத்தாழ 18, 81, 63 ஆகத்தான் தெரியும். கேட்ட நிறம் அப்படியே வர, பச்சைக்குக் கீழே Levels லேயர் வைத்து, வலப்பக்க வெள்ளைமுனையை 230-க்கு இழுத்துப் பின்னணியை வெள்ளைக்கு அருகே கொண்டுவர வேண்டும். இரண்டு லேயர்களுக்கும் ஒரே மாஸ்க் போதும்: பின்னணியிலும் பறக்கும் இழைகளிலும் வெள்ளை; முகம், உடை, நகை ஆகியவற்றில் கறுப்பு. வெள்ளை கறுப்பாக மாறும் எல்லையை முடியின் ஓரத்தில் வைக்காமல், கூந்தல் அடர்ந்து கறுத்திருக்கும் உட்பகுதியில், மென்முனைப் பிரஷ்ஷால் வைக்க வேண்டும். மிகவும் உள்ளே போனால் கூந்தலின் பளபளப்பு பச்சையாகிவிடும். அப்படித் தெரிந்தால் எல்லையைச் சற்று வெளியே நகர்த்த வேண்டும்.

ஜிமிக்கிக்கு இந்த மென்மை ஆகாது. Pen Tool கொண்டு, விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளாகப் பாதை வரைந்து, 0.5 பிக்சல் Feather உடன் தெரிவாக்கி, மாஸ்க்கில் கறுப்பு நிரப்புவதே பாதுகாப்பானது. கம்பி வேலைப்பாட்டின் இடைவெளிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அங்கே பழைய சாம்பல் எட்டிப் பார்க்கும். வெளிர் பின்னணியில் தொங்கும் வெண்முத்துகளுக்குத் தானியங்கித் தெரிவை நான் நம்புவதில்லை. முத்தின் விளிம்பும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பதால், அது முத்தின் ஒரு பக்கத்தைக் கடித்துவிடும். (சலிப்பான வேலைதான்; அதற்கான நேரத்தையும் கூலியில் சேர்த்துக் கேளுங்கள்.)

முடித்த பிறகு படத்தை 100% அளவில் வைத்து, பச்சைக்குப் பதிலாகத் தற்காலிகமாக அடர் சிவப்பையும் நீலத்தையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பச்சையில் கண்ணுக்குத் தப்பிய ஓரக் குறைகள் அவற்றில் தெரிந்துவிடும்.

நரைத்த முடிக்கும் பொன்னிறச் சாயம் பூசிய முடிக்கும் இந்த முறை பொருந்தாது, ஏனெனில் வெளிர் இழைகளும் பின்னணியோடு சேர்ந்து பச்சையாகிவிடும். அத்தகைய படத்தில் Select and Mask தவிர்க்க முடியாதது. அப்போதும் Decontaminate Colors-ஐ முடிக்கான லேயரோடு நிறுத்திக்கொண்டு, மூலப் படத்திலிருந்து Pen Tool பாதையால் எடுத்த ஜிமிக்கியை அதற்கு மேலே தனி லேயராக வைக்க வேண்டும்.