பெயரும் தேதியும் மட்டும் வைத்து ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவது எப்படி?

கணக்குப் பிரிவில் ஒருவர் திடீரென நீண்ட விடுப்பில் போய்விடுகிறார். அவர் பார்த்துவந்த ஜி.எஸ்.டி. வேலையை இன்னொருவர் தொடர வேண்டும். அதற்கான ஒப்படைப்புக் குறிப்பை நீங்கள் எழுத வேண்டும். ஆனால் பொது ஃபோல்டரில் உங்களுக்குப் பட்டியலைப் பார்க்க மட்டுமே அனுமதி. விண்டோஸ் சர்வரில் `List folder contents` என்ற அனுமதியை மட்டும் கொடுத்திருந்தால் இப்படித்தான் இருக்கும்: பெயரும் தேதியும் தெரியும், ஃபைலைத் திறக்க முடியாது.

இந்தப் பட்டியலிலிருந்து எவ்வளவு தூரம் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். இன்று 25-07-2025 என்று கொள்வோம்.

```
10-06-2025  17:20  GSTR1_May25_final.xlsx
11-06-2025  11:05  GSTR1_May25_ARN.pdf
16-06-2025  10:32  2B_May25.xlsx
19-06-2025  18:48  GSTR3B_May25_final.xlsx
20-06-2025  15:10  GSTR3B_May25_ARN.pdf
10-07-2025  16:55  GSTR1_Jun25_final.xlsx
11-07-2025  12:30  GSTR1_Jun25_ARN.pdf
16-07-2025  09:50  2B_Jun25.xlsx
18-07-2025  19:02  GSTR3B_Jun25_final.xlsx
18-07-2025  19:40  GSTR3B_Jun25_final2.xlsx
24-07-2025  11:15  GSTR1_Apr25_final.xlsx
```

முதலில் அந்த வேலையின் காலக்கணக்கைப் பட்டியலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனம், ஒரு மாதத்தின் விற்பனை விவரத்தை (ஜி.எஸ்.டி.ஆர்-1) அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். கொள்முதல் வரி வரவைக் காட்டும் 2பி அறிக்கை 14-ஆம் தேதி வாக்கில் தளத்தில் வரும். அதைப் பார்த்துவிட்டு 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி 3பி தாக்கல் செய்ய வேண்டும். மே மாதத்துக்கான ஐந்து ஃபைல்களும் இந்த வரிசையில் அப்படியே உட்காருகின்றன. ஆகவே அந்தப் பெயர்களை நாம் சரியாகத்தான் படிக்கிறோம் என்று நம்பலாம்.

இப்போது ஜூன் மாதத்துக்கு வாருங்கள். நான்கு இடங்கள் நிரம்பியிருக்கின்றன, ஐந்தாவது காலி. தாக்கல் முடிந்ததும் தளம் தரும் எண்ணுள்ள ரசீது, அதாவது `GSTR3B_Jun25_ARN.pdf` என்ற பெயரில் இருக்க வேண்டிய ஃபைல், இல்லை. ஒரு பட்டியல் தரும் தகவல்களில் மிக மதிப்புள்ளது இதுதான் என்பேன். இருக்கும் ஃபைல்களை யாரும் பார்த்துவிடுவார்கள். இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க, எது இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ரசீது இல்லை என்பதால் தாக்கல் ஆகவில்லை என்று எழுதிவிடக் கூடாது. 18-07-2025 வெள்ளிக்கிழமை. கடைசி நாளான 20 ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை வீட்டிலிருந்தே தாக்கல் செய்து, ரசீதைத் தன் மடிக்கணினியில் வைத்திருக்கலாம். வெள்ளி இரவு 19:40-க்குப் பிறகு வேலை நின்றும் போயிருக்கலாம். இரண்டுக்கும் பட்டியல் ஒரே மாதிரிதான் இருக்கும். `final2` என்ற ஃபைல் 38 நிமிடம் கழித்து வந்தது என்பது தெரியும். அந்த எண்களைத்தான் தளத்தில் ஏற்றினார்களா என்பது தெரியாது.

அடுத்து தேதிகள். பட்டியலில் வழக்கமாகத் தெரிவது கடைசியாக மாற்றிய நேரம். ஃபைலை யாராவது சேவ் செய்யும்போது அது மாறும். வெறுமனே திறந்து மூடினால் மாறாது. விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தால் மாற்றிய நேரம் பழையதாகவே இருக்கும், உருவாக்கிய நேரம் மட்டும் காப்பி எடுத்த நேரமாகிவிடும். அதனால்தான் சில ஃபைல்கள் உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்டதாகக் காட்டும். அப்படிக் கண்டால் அது வேறு இடத்திலிருந்து வந்த நகல் என்று புரிந்துகொள்ளலாம். லினக்ஸில் சாதாரண `cp` கட்டளை மாற்றிய நேரத்தையே இன்றைய நேரமாக்கிவிடும். எல்லா ஃபைல்களும் ஒரே நாளில், ஒரே சில நிமிடங்களில் மாறியதாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது ஃபோல்டரை இடம் மாற்றிய நாள். அந்தத் தேதிகளை வைத்து வேலையின் வரலாற்றைச் சொல்ல முடியாது. நம் பட்டியலில் தேதிகள் சிதறிக் கிடப்பதால் அந்தப் பயம் இல்லை.

ரசீது பிடிஎஃப்-இன் தேதியும் கவனிக்க வேண்டியது. அது பதிவிறக்கிய நேரம். தாக்கல் செய்த நேரம் அல்ல. 20-06-2025 என்று இருந்தால், தாக்கல் அன்றோ அதற்கு முன்போ நடந்தது என்றுதான் பொருள்.

மிச்சம் இருப்பது கடைசி வரி. ஏப்ரல் மாத விற்பனை ஃபைல் ஜூலை 24-ஆம் தேதி மாறியிருக்கிறது. ஏதோ ஒரு பில்லில் தவறு தெரிந்து திருத்தியிருக்கலாம். அப்படியானால் அதைப் பின்னால் வரும் மாதத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் திருத்தமாகக் காட்ட வேண்டும், ஆகவே புதியவருக்கு இது முக்கியம். எக்செலில் `TODAY()` போன்ற ஃபங்ஷன் இருந்தால், எதையும் தொடாமல் மூடும்போதுகூடச் சேவ் செய்யவா என்று கேட்கும்; யாரோ பழக்கத்தில் ஆம் என்று அழுத்தியிருக்கலாம். பட்டியலால் இதைத் தீர்க்க முடியாது. அதைத் திறக்க அனுமதி உள்ளவர்தான் தீர்க்க வேண்டும். அவர் திறந்து சேவ் செய்தால் தேதிகள் மாறிவிடும் என்பதால், அதற்கு முன்பே இரண்டு நேரங்களையும் எடுத்து வைத்துவிடுங்கள்:

```
dir /O:D /T:W
dir /O:D /T:C
```

முதலாவது மாற்றிய நேரத்தையும், இரண்டாவது உருவாக்கிய நேரத்தையும் காட்டும்.

ஜூன் கேள்விக்கு வேறு வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ளே நுழையாமலே, `Search Taxpayer` பகுதியில் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து `Show Filing Table` அழுத்தினால், எந்த மாதத்துக்கு எந்த அறிக்கை எந்தத் தேதியில் தாக்கலானது என்று வரும். கடவுச்சொல் தேவையில்லை. குறிப்பில் இதுதான் முதல் வரியாக வர வேண்டும். வரி கட்ட வேண்டியிருந்து தாக்கல் ஆகாமல் இருந்தால் ஒவ்வொரு நாளும் 50 ரூபாய் தாமதக் கட்டணம் சேரும், ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18% வட்டியும் ஓடும்.

இப்போது குறிப்பை எழுதலாம். பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். படிப்பவர் அவசரத்தில் இருப்பார். "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால், ஊகம் உண்மையாகிவிடும்.

> 25-07-2025 அன்று பட்டியலை மட்டும் பார்த்து எழுதியது. எந்த ஃபைலையும் திறக்கவில்லை.
>
> உடனே பார்க்க: ஜூன் 3பி ரசீது ஃபோல்டரில் இல்லை. கடைசி வேலை ஃபைல் 18-07, 19:40. தாக்கல் ஆனதா என்று பட்டியலில் தெரியவில்லை. தளத்தின் தாக்கல் அட்டவணையில் பாருங்கள்.
>
> ஆகவில்லை என்றால்: `final`, `final2` இரண்டையும் 2பி-யோடு ஒப்பிடுங்கள். பெயரை நம்பி `final2`-வை எடுக்க வேண்டாம்.
>
> கேட்க வேண்டியது: ஏப்ரல் விற்பனை ஃபைல் 24-07 அன்று மாறியிருக்கிறது. காரணம் தெரியாது. 11-08-க்குள் ஜூலை ஜி.எஸ்.டி.ஆர்-1 போகும் முன் விசாரியுங்கள்.
>
> மே மாதம்: இரண்டு ரசீதுகளின் பெயரும் பட்டியலில் உள்ளன.

அட்டவணையைப் பார்த்து ஜூன் 3பி தாக்கலாகிவிட்டது என்று தெரிந்தால், முதல் வரியை அழிக்காமல் அதன் கீழே தாக்கல் தேதியைச் சேர்த்து, ரசீதைத் தளத்திலிருந்து எடுத்து ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள். அந்த பிடிஎஃப்-இன் தேதி ஜூலை 25-க்குப் பிறகுதான் இருக்கும் என்பதையும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பட்டியலைப் பார்ப்பவர் தாமதமாகத் தாக்கல் செய்ததாக நினைத்துக்கொள்வார்.