செவ்வாய் பின்னேரம் ஆறரை மணி எப்படி ஐந்தரை ஆனது?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து சேர்க்கும் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் அவர் இருக்கிறார். கொழும்பில் மூன்று பேர், லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை தோறும் பின்னேரம் ஆறரைக்கு ஒன்லைனில் கூடிக் கதைப்பார்கள். இந்த மாதம் 10ஆம் திகதி வழமை போல ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் எல்லாரும் கதைத்து முடித்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்களாம். "யாரும் நேரத்தை மாற்றவில்லை என்கிறார்கள், என்னுடைய லப்டொப்பில்தான் ஏதும் பிழையா?" என்று கேட்கிறார்.

லப்டொப்பில் பிழை இல்லை. அவருடைய நாட்காட்டியைத் திறந்து பார்த்திருந்தால் அந்த வாரக் கட்டம் ஐந்தரையில்தான் இருந்திருக்கும். அவர் மனதில் வைத்திருந்தது ஆறரை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடைகால நேரம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கனடாவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுவார்கள், இந்த 2026இல் அது மார்ச் 8. பிரித்தானியாவில் மார்ச்சின் கடைசி ஞாயிறு, அதாவது 29. இலங்கையில் நாங்கள் ஒன்றும் செய்வதில்லை. ஆக, மார்ச் 8 முதல் 29 வரையான மூன்று வாரத்துக்கு ரொறன்ரோ மாறிவிட்டது, லண்டன் மாறவில்லை, கொழும்பு மாறவே மாறாது. வாசகியின் குழு அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது.

ஆனால் எனக்கு உண்மையிலேயே பிடித்த பகுதி இதற்கு அடுத்ததுதான். ரொறன்ரோ மாறினால் கொழும்பில் இருப்பவரின் கூட்டம் ஏன் நகர வேண்டும்? லண்டன்காரருக்கும் அன்று பகல் ஒரு மணிக்குப் பதிலாகப் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் நடந்தது, அவர் ஊரிலும் அப்போது எதுவும் மாறியிருக்கவில்லை. இதற்கான விடை அழைப்புக் கோப்புக்குள் இருக்கிறது. நாட்காட்டி அழைப்பு என்று மின்னஞ்சலில் வருவது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

```
DTSTART;TZID=America/Toronto:20260303T080000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

முதல் வரி, தொடக்கம் 2026 மார்ச் 3, காலை எட்டு மணி, ரொறன்ரோ நேரம் என்கிறது. இரண்டாவது வரி, இதை ஒவ்வொரு செவ்வாயும் திரும்பச் செய் என்கிறது. கொழும்பு ஆறரை என்று எங்குமே எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். குழுவை ஒழுங்கு செய்கிற ரொறன்ரோ அண்ணா தன்னுடைய கணினியில் எட்டு மணி என்று அடித்தார், கணினி அவருடைய ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பதிந்துகொண்டது. கூட்டத்தின் நங்கூரம் ரொறன்ரோவில் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு வாரமும் வாசகியின் நாட்காட்டி இந்த வரியைப் புதிதாகக் கணக்குப் போடுகிறது. மார்ச் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோ அன்று உலகப் பொது நேரமான யூடிசியை விட ஐந்து மணித்தியாலம் பின்னால், எனவே எட்டு மணி என்பது யூடிசி 13:00. கொழும்புக்கு ஐந்தரை கூட்டினால் 18:30, ஆறரை மணி. மார்ச் 10இல் அதே எட்டு மணிதான், ஆனால் ரொறன்ரோ இப்போது நான்கு மணித்தியாலம்தான் பின்னால், எனவே யூடிசி 12:00, கொழும்பில் 17:30. ரொறன்ரோவின் எட்டு மணி அசையாமல் நிற்க, உலகத்தின் மற்றப் பக்கம் முழுவதும் அதைச் சுற்றி நகர்ந்திருக்கிறது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் யூடிசியில் எழுதிவிடலாமே என்று தோன்றும். `DTSTART:20260303T130000Z` என்று எழுதினால் கடைசியில் நிற்கும் `Z` அது யூடிசி என்று சொல்லும். ஒரே ஒரு தடவை நடக்கும் கூட்டத்துக்கு இது பெரும்பாலும் சரி. வாரா வாரம் நடக்கும் கூட்டத்துக்கு இது சரிவராது, ஏனென்றால் இப்போது ரொறன்ரோவும் லண்டனும் தங்கள் தங்கள் நாளில் தனித்தனியே நகரும். இன்னொரு சிக்கலும் உண்டு: அரசாங்கம் நேரத்தை மாற்றினால் முன்கூட்டியே யூடிசிக்கு மாற்றி எழுதிவைத்த கணக்கு பிழைத்துவிடும். 2023 மார்ச்சில் லெபனானில் கோடைகால நேரம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது அரசாங்கம் அதைத் தள்ளிப்போட்டது, ஒரு பகுதியினர் ஏற்க மறுக்க ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, பிறகு முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

இது கொழும்பில் வளர்ந்தவர்களுக்குப் புதுக்கதை இல்லை. 1996இல் வரட்சியும் மின்வெட்டுமாக இருந்தபோது மே 25இல் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், நாங்கள் இருட்டில் பள்ளிக்கூடம் போனோம். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பி வந்தது, 2006 ஏப்ரலில் புத்தாண்டு முடிந்த கையோடு மிச்ச அரை மணித்தியாலமும் வந்து பழைய ஐந்தரைக்கே சேர்ந்தோம். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கடிகாரத்தைத் தொடவே இல்லை, வடக்கே போகிறவர்கள் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக்கொண்டுதான் பயணப்பட்டார்கள்.

இந்த வரலாறு முழுவதும் உங்கள் தொலைபேசிக்குள் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? லினக்ஸ் கணினி இருந்தால் இதை அடித்துப் பாருங்கள்:

```
TZ=Asia/Colombo date -d '2000-01-01 12:00 UTC'
TZ=Asia/Kolkata date -d '2000-01-01 12:00 UTC'
```

முதல் வரிக்கு ஆறு மணி வரும், இரண்டாவதுக்கு ஐந்தரை. இன்றைக்கு இரண்டும் ஒன்றுதானே என்று கொழும்பில் பலர் பட்டியலில் சென்னை, கொல்கத்தாவைத் தெரிவுசெய்துவிடுகிறோம், அல்லது அழைப்பில் ஐஎஸ்டி என்று எழுதுகிறோம். அந்த மூன்றெழுத்து இந்தியாவுக்கும் பொருந்தும், இஸ்ரேலுக்கும் பொருந்தும், அயர்லாந்தின் கோடைக்கும் பொருந்தும். `Asia/Colombo` என்ற ஊர்ப் பெயர் அப்படிக் குழப்பாது. நாளைக்கு நம் அரசாங்கம் ஏதாவது மாற்றினாலும் அந்தப் பெயருக்குள் இருக்கும் விதி மட்டும் புதுப்பிக்கப்படும், உங்கள் அழைப்பைத் தொடத் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் நமது ஊரைத் தேடினால் ஸ்ரீ ஜயவர்தனபுர என்றுதான் பட்டியலில் இருக்கும், அதைத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

உலகத்தின் நேர விதிகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இந்தத் தரவுத்தளத்தை ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கினார், பின்னர் போல் எகர்ட் பராமரித்துவருகிறார். வேலை பெரும்பாலும் தன்னார்வத்தில் நடக்கிறது. 2011இல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம், தன்னுடைய நேர அட்டவணையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று இந்த இருவர் மீதும் வழக்குப் போட்டது, தரவுத்தளம் சில நாட்கள் இணையத்தில் இருந்தே மறைந்தது. அதன் பிறகுதான் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது, அடுத்த வருடம் வழக்கும் கைவிடப்பட்டது. எத்தனையோ வங்கிகளும் விமானங்களும் நம்பியிருக்கும் ஒரு கோப்புக்காக இரண்டு தனிமனிதர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. இப்படியான வேலைக்கு நிலையான பணமும் சட்டப் பாதுகாப்பும் முதலில் இருந்தே இருந்திருக்க வேண்டும்.

சரி, வாசகியின் குழுவுக்கு வருவோம். நங்கூரத்தை எங்கே போடுவது? காலை ஒன்பது முதல் பின்னேரம் ஐந்து வரை வேலை நேரம் என்று வைத்தால், கொழும்பில் ஐந்து மணிக்கு வேலை முடியும்போது கோடையில் ரொறன்ரோவில் காலை ஏழரைதான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவே விழாது, யாராவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வாசகி எழுதிய கணக்கில், அவருக்கு ஆறு மணி வரை பஸ்ஸில், ஏழரைக்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பு. ரொறன்ரோக்காரர்களுக்கு எட்டு முதல் பத்து வரை எதுவும் பரவாயில்லை. நெகிழ முடியாதவரின் ஊரில் நங்கூரம் இருக்கட்டும் என்பேன் நான். கொழும்பு ஆறரை என்று `Asia/Colombo`வில் பதிந்தால், ரொறன்ரோவில் குளிர்காலத்தில் எட்டு, கோடையில் ஒன்பது. லண்டனில் ஒன்று, கோடையில் இரண்டு. யாருக்கும் வலிக்காது.

இந்த இடத்தில் இன்னொரு கேள்வியும் வரும், எங்கள் அம்மாவே கேட்டார்: செவ்வாய் ராகு காலம் பார்க்க வேண்டாமா? எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதன் கணக்கைப் பாருங்கள், சூரியன் உதித்து மறையும் வரையான பொழுதை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை எடுப்பது, அதாவது அதன் நங்கூரம் அந்தந்த ஊர்ச் சூரியன். மூன்று ஊரில் மூன்று ராகு காலம் வரும். எல்லாவற்றையும் தவிர்த்தால் கூடுவதற்கு நேரம் மிஞ்சுவது கஷ்டம், ஆகவே நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எந்தத் தரவுத்தளமும் சொல்லாத ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். இந்த ஏப்ரல் 14 ஒரு செவ்வாய், சித்திரைப் புத்தாண்டு. ஆகவே புதிய தொடரை 21இல் தொடங்கலாம். நானாக இருந்தால் குழுவுக்கு இப்படி எழுதுவேன்:

"வணக்கம். ஏப்ரல் 21 வாரத்தில் இருந்து கூட்டத்தைக் கொழும்பு நேரத்தில் நிலைப்படுத்த விரும்புகிறோம். மூன்று நேரங்கள் தருகிறேன், முடியாததை மட்டும் சொல்லுங்கள். ஒன்று, செவ்வாய் 21: கொழும்பு பி.ப. 6.30, லண்டன் பி.ப. 2.00, ரொறன்ரோ மு.ப. 9.00. இரண்டு, புதன் 22: கொழும்பு பி.ப. 7.00, லண்டன் பி.ப. 2.30, ரொறன்ரோ மு.ப. 9.30. மூன்று, சனி 25: கொழும்பு பி.ப. 5.30, லண்டன் பி.ப. 1.00, ரொறன்ரோ மு.ப. 8.00. முதலில் ஸ்கேன் தரம் பற்றி முடிவெடுக்க வேண்டும், 15 நிமிடம், கொழும்பு ஆட்கள் இருக்க வேண்டும். அடுத்து பதிப்புரிமைக் கடிதங்கள், 10 நிமிடம், லண்டன். மிச்சம் தகவல் மட்டும், வர முடியாதவர்கள் எழுதி அனுப்பினால் போதும்."

கிழமையையும் திகதியையும் ஒவ்வொரு ஊரின் நேரத்தையும் சேர்த்தே எழுதியிருப்பதற்குக் காரணம், வாசிப்பவர் தன் தலையில் கழித்தல் கணக்குப் போடக் கூடாது என்பதுதான். மெல்பேர்னில் யாராவது சேர்ந்தால் இன்னும் தேவைப்படும், கொழும்பின் செவ்வாய் ஆறரை அவர்களுக்கு ஏப்ரலில் இரவு பதினொன்று, கோடைகால நேரம் ஓடும் மாதங்களில் நள்ளிரவு, திகதி புதனாகிவிடும். எதை முடிவெடுக்கப் போகிறோம், அதற்கு யார் தேவை என்று போட்டால் நேரம் ஒத்துவராதவர் வர வேண்டுமா வேண்டாமா என்பதைத் தானே தீர்மானிக்கலாம்.

அழைப்பை அனுப்பியபின் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நாட்காட்டியில் ஒக்டோபர் 20, 27, நவம்பர் 3 ஆகிய மூன்று செவ்வாய்களையும் திறந்து பாருங்கள். லண்டன் ஒக்டோபர் 25இல் பின்னால் போகும், ரொறன்ரோ நவம்பர் 1இல்தான் போகும். மூன்று நாளும் கொழும்பில் ஆறரையே நின்றால் நங்கூரம் சரியான இடத்தில் இருக்கிறது. கடைசிச் செவ்வாயில் மட்டும் ஏழரைக்குத் தாவினால் அழைப்பு இன்னும் ரொறன்ரோவில்தான் இருக்கிறது, அண்ணாவிடம் சொல்லி ஊரை மாற்றிப் புதிதாக அனுப்பச் சொல்லுங்கள்.