பொதியா, கூடையா?

‘பூச்சிய-ஒன்று கூடை நிரப்பல்’. ஹட்டன் பக்கத்து டியூஷன் குறிப்புகளில் இந்தத் தலைப்பை இந்த வருஷம் மட்டும் நான்கு தடவை பார்த்துவிட்டேன். இவ்வளவு கிலோதான் தாங்கும் என்ற ஒரு பையில், பெறுமதி ஆகக்கூட வரும்படி பொருள்களைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் நாப்சாக் கணக்குக்கு யாரோ செய்த தமிழ். மலையகப் பிள்ளைகளுக்குக் கூடை தெரியும், கொழுந்து தெரியும், ஆகவே இது பொருத்தம் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்தப் பெயர் பிள்ளைகளைப் பிழையாக நிரல் எழுத வைக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

மூலச் சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். நாப்சாக் என்பது டச்சு, கீழ்ஜெர்மன் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முன்பாதி கடித்துத் தின்பதைக் குறிக்கிறது, பின்பாதி சாக்கு. வழிக்குச் சாப்பாடு கட்டிப்போகும் பை என்பதுதான் பொருள். நம்மிடம் அதற்குப் பொதிசோறு இருக்கிறது. பொதிமாடு இருக்கிறது. தபால் கந்தோரில் இன்றைக்கும் பொதி என்றுதான் சொல்கிறோம். இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று தெரிந்தெடுத்துக் கட்டுவது பொதி. சிலர் எழுதும் ‘முதுகுப்பை’ பையை எங்கே மாட்டுவது என்று மட்டும் சொல்கிறது. இந்தக் கணக்கில் முதுகுக்கு வேலையே இல்லை.

கூடைக்கு வருவோம். கொழுந்து அள்ளுகிற பொருள். ஒரு கூடையில் ஏழு கிலோ கொள்ளுமென்றால் ஆறே முக்காலும் போடலாம், ஆறரையும் போடலாம். ஒரு பிடி குறைத்தால் ஒரு பிடிக்குத்தான் நட்டம். அப்படித் துண்டு போடக்கூடிய பொருளுக்கு வேறு கணக்கு இருக்கிறது. கிலோவுக்குப் பெறுமதி கூடியதை முதலில் போட்டு, மிச்ச இடத்தை அடுத்ததால் நிரப்பிக்கொண்டு போனால் அது முடிந்துவிடும். அணியும் வேண்டாம், உள்வளையமும் வேண்டாம். பூச்சிய-ஒன்று என்பதோ அதற்கு நேர் எதிர். ஒரு பொருளை முழுதாக எடு, இல்லையென்றால் விடு. தோட்டத்தில் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடுவார்கள், இங்கே அரைப்பேர் கிடையாது. எடுத்த பொருளை இரண்டாம் தடவை எடுக்கவும் முடியாது. இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்றுகூடக் கூடையில் இல்லை.

பெயர் பிழைத்ததால் நிரல் எப்படிப் பிழைத்தது? கொழும்பில் வேலை செய்கிற ஒருவர் தீபாவளிக்கு ஊருக்கு ரயில் ஏறுகிறார் என்று என் வகுப்பில் கணக்குப் போட்டேன். பை ஏழு கிலோ தாங்கும். வாங்கி வைத்திருப்பது ஒரு ரைஸ் குக்கர், மூன்று கிலோ, பெறுமதி 5. ஒரு கம்பளி, நான்கு கிலோ, பெறுமதி 6. ஒரு மாணவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தான். `W` பை தாங்கும் நிறை, `w` பொருளின் நிறை, `v` அதன் பெறுமதி.

```python
for w, v in items:
    for c in range(w, W + 1):
        d[c] = max(d[c], d[c - w] + v)
```

“ஏன் தம்பி கீழே இருந்து மேலே போற?” என்று கேட்டேன். “கூடை அடியில இருந்துதானே சேர் நெறையும்?” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூடை என்று சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நினைக்கும்.

அதைவிட, ஓட்டிப் பார்த்தபோது விடை 11 என்று சரியாகவே வந்துவிட்டது. குக்கரும் கம்பளியும் சேர்ந்து ஏழு கிலோ, பெறுமதி 11. அவனுக்கு ஒரே சந்தோஷம். பையை ஆறு கிலோவாக்கு என்றேன். ஆறு கிலோவில் இரண்டும் சேர்ந்து போகாது, கம்பளியை மட்டும் எடுத்து 6 என்று வரவேண்டும். அவனுடைய நிரல் 10 என்றது. ஐந்தும் ஐந்தும் பத்து, அதாவது இரண்டு குக்கர். வாங்கியதோ ஒன்றுதான்.

நடந்தது இதுதான். `d` என்ற அணி ஒரு கூடையின் அடியும் நுனியும் அல்ல. அது வெவ்வேறு அளவுள்ள பொதிகளின் வரிசை. பூச்சிய கிலோப் பொதி, ஒரு கிலோப் பொதி என்று ஏழு வரைக்கும் எட்டுப் பொதிகள். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பொதியில் கட்டக்கூடிய ஆகக்கூடிய பெறுமதி இருக்கிறது. முதலில் எல்லாம் பூச்சியம். குக்கரை ஏறுவரிசையில் பார்க்கும்போது `d[3]` ஐந்தாகிறது. பிறகு `d[6]`-க்கு வரும்போது மூன்று கிலோவைக் கழித்து `d[3]`-ஐ வாசிக்கிறோம். அதற்குள் ஏற்கெனவே குக்கர் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் இன்னொரு குக்கரை வைத்துப் பத்து என்று எழுதிவிடுகிறோம்.

இறங்குவரிசையில் போனால் `d[7]`, `d[6]` முதலில் வரும். `d[6]` வாசிக்கிற `d[3]`-ஐ இந்தச் சுற்றில் இன்னும் யாரும் தொடவில்லை, அது பூச்சியமாகவே இருக்கிறது. ஆகவே குக்கர் சுற்றில் `d[6]` ஐந்துதான், கம்பளியின் சுற்றில்தான் அது ஆறாகும். நாம் வாசிக்கிற இடம் எப்போதும் எழுதுகிற இடத்துக்குக் கீழே இருக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டே எழுதினால், கீழே உள்ளதெல்லாம் இந்தப் பொருள் வருவதற்கு முந்திய நிலைமை. மாற்றவேண்டியது ஒரே வரி.

```python
    for c in range(W, w - 1, -1):
```

இந்த வரியை ‘தலைகீழ் வளையம்’ என்று மொழிபெயர்க்கிறார்களே, அதுவும் எனக்குச் சம்மதமில்லை. தலைகீழ் என்றால் ஒழுங்காக இருந்ததைக் கவிழ்த்துப் போட்டது போலாகிறது. ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான் எழுதவேண்டும்’ என்று பதில் வருகிறது. ஏறுவரிசை, இறங்குவரிசை என்று சின்ன வகுப்பிலேயே கணிதத்தில் படித்த சொற்களை விட்டுவிட்டு எதற்குப் புதுச்சொல்? இந்தக் கட்டாயமும் ஒற்றை அணிக்கு மட்டும் உரியது. பொருளுக்கு ஒரு வரிசையென்று முழு அட்டவணை போட்டு மேல்வரிசையிலிருந்து மட்டும் வாசிப்பவர் எந்தத் திசையிலும் போகலாம், பழைய நிலைமை அவருக்கு அழியாமல் இருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க அந்த வரிசைகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதுகிறோம், அதனால்தான் திசை முக்கியமாகிறது. மொழிபெயர்ப்பவர்கள் நிரலை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல் தேடினால் எவ்வளவு நல்லது. அகராதியை மட்டும் பார்த்து ஆக்கிய சொல்லை அடுத்தவர் பிரதி எடுக்க, அதற்கடுத்தவர் அச்சடிக்க, கடைசியில் அந்தக் கடனைப் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் கட்டுகிறார்கள்.

இன்னொரு குறிப்பில் ‘இருமப் பொதி’ என்றிருந்தது. இருமம் என்றவுடன் பிள்ளை எட்டை 1000 என்று எழுதத் தொடங்குகிறது. இங்குள்ள பூச்சியமும் ஒன்றும் எண்முறையல்ல, ஒரு பொருளை எத்தனை தடவை எடுக்கலாம் என்பதன் எல்லை. அதைப் பெயரிலேயே சொல்லிவிடலாம். ‘ஒருதரப் பொதி’ என்றுதான் முதலில் நினைத்தேன். தேயிலை ஊரில் தரம் என்றால் தூளின் தரம்தான் நினைவுக்கு வரும் என்பதால் விட்டுவிட்டேன். ‘ஒருமுறைப் பொதி’ என்பதே தெளிவாக இருக்கிறது. இந்தப் பெயரைக் கேட்டவன் விடையில் இரண்டு குக்கரைக் கண்டால் உடனே சந்தேகப்படுவான். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சோதனை போதும்: ஒரே ஒரு பொருள், பை அதன் நிறையைப்போல் இரண்டு மடங்கு. விடை அந்தப் பொருளின் பெறுமதியைத் தாண்டினால் வளையம் ஏறுவரிசையில் போயிருக்கிறது.

திருத்தி ஓட்டினான், ஆறு கிலோவுக்கு 6 வந்தது. “அப்ப கடையில குக்கர் எத்தனை வேணுன்னாலும் எடுக்கலாம்னா சேர்?” என்று கேட்டான். அப்போது அவன் முதலில் எழுதிய ஏறுவரிசைதான் சரி, `d[3]`-இல் குக்கர் ஏற்கெனவே இருப்பதுதான் நமக்கு வேண்டியது என்றேன். கொப்பியில் அந்தப் பழைய வரியை வெட்டாமல், பக்கத்தில் ‘பன்முறைப் பொதி’ என்று எழுதிக்கொண்டான்.