ஹார்ட் பிளாக்: அடைத்தது எந்தக் குழாய்?

'ஹார்ட்ல பிளாக் இருக்கு' என்று யாராவது சொன்னால், நாம் நினைப்பது ரத்தக் குழாய் அடைப்பைத்தான். மருத்துவர் 'ஹார்ட் பிளாக்' என்று எழுதினால் அது வேறு சங்கதி: துடிப்பைத் தூண்டும் மின்சைகை பாதி வழியில் நின்றுபோவது. பெயர்க் குழப்பம் ஒருபுறம் இருக்கட்டும். முதல் பிளாக்கே இரண்டாவதைக் கொண்டுவருவதும் உண்டு. மின்சைகை போகும் பாதையும் உயிருள்ள திசுதானே, அதற்கும் ரத்தம் வேண்டும்.

அந்தப் பாதையில் இருப்பவை நரம்புகள் அல்ல, வேலை மாறிய இதயத் தசைச் செல்கள். வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் எஸ்.ஏ. கணு இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாகவே சைகை எழுப்புவது இதுதான். சைகை மேலறைகள் முழுக்கப் பரவி, அவற்றின் அடித்தளத்தில் உள்ள ஏ.வி. கணுவுக்கு வந்து சேரும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத நார்ச்சுவர் இருப்பதால், இயல்பான இதயத்தில் கீழே இறங்க இந்த ஒரு வாசல்தான்.

வாசலில் சைகை சுமார் 0.1 நொடி தயங்கும். மேலறைகள் ரத்தத்தைத் தள்ளி முடிக்க அந்த அவகாசம் தேவை. அப்புறம் ஒரே ஓட்டம். ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது, இடது கிளைகளாகப் பிரிந்து (இடது கிளை மறுபடி முன், பின் என்று பிரியும்), கடைசியில் பர்க்கின்ஜி இழைகளாகக் கீழறைகளின் உட்புறத்தில் வலைபோலப் படர்கிறது. இந்த இழைகளில் சைகையின் வேகம் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர். அதனால்தான் இரண்டு கீழறைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்குகின்றன.

மேலிருந்து சைகை வராவிட்டால் கீழே இருப்பவை சும்மா இருக்காது. ஏ.வி. கணுவை ஒட்டிய பகுதி நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிப்பு தரும். அதற்கும் கீழே போனால் 20 முதல் 40தான், அதையும் நம்ப முடியாது.

சரி, ரத்தம் எங்கிருந்து வருகிறது? எஸ்.ஏ. கணுவுக்குச் சுமார் 60 சதவீதம் பேரில் வலது கரோனரி தமனி, மற்றவர்களில் பெரும்பாலும் இடப்பக்கத்துச் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி. ஏ.வி. கணுவுக்கு 80 முதல் 90 சதவீதம் பேரில் வலது தமனிதான். ஹிஸ் கற்றைக்கு இரண்டு பக்கமிருந்தும் ரத்தம் வருகிறது. வலது கிளையும் இடது கிளையின் முன்பிரிவும் பெரும்பாலும் இடது முன் இறங்கு தமனியை நம்பியிருப்பவை. இரட்டை வரத்து இருப்பதால் பின்பிரிவு மட்டும் தனியாகக் கெடுவது அபூர்வம்.

இனி இரண்டு மாரடைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் முழு ஹார்ட் பிளாக், அதாவது மேலறைச் சைகை ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

முதல் நோயாளிக்கு வலது தமனி அடைத்து, இதயத்தின் அடிச்சுவர் பாதிக்கப்பட்டிருக்கிறது. இ.சி.ஜி.யில் மேலறை அலைகள் நிமிடத்துக்கு 75, கீழறைத் துடிப்பு 45. இரண்டும் தத்தம் போக்கில் ஓடுகின்றன. ஆனால் கீழறை அலை குறுகலாக இருக்கிறது, அகலம் 0.12 நொடிக்கும் குறைவு. தடை ஏ.வி. கணுவில், அதன் கீழே உள்ள பாதை முழுதும் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கணு பெரும்பாலும் செத்துப்போவதில்லை. ரத்தக் குறைவாலும், துடிப்பை மட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பின் மிகைப்பிடியாலும் மயங்கிக் கிடக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தும் அட்ரோபின் மருந்தைப் போட்டால் பல நேரம் துடிப்பு ஏறும். சில நாட்களில் பாதை தானே திரும்பிவிடுவதுதான் வழக்கம்.

இரண்டாவது நோயாளிக்கு அடைத்தது இடது முன் இறங்கு தமனி. முதலில் வலது கிளையில் தடை, கூடவே இடது முன்பிரிவிலும். மீதி இருப்பது பின்பிரிவு ஒன்றுதான். இந்தக் கட்டத்தில் நாடி பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இ.சி.ஜி. மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு துடிப்பு விடுபடுகிறது, சற்று நேரத்தில் எல்லாம் அறுந்து, அகலமான அலைகளோடு நிமிடத்துக்கு 30 துடிப்பு. நோயாளி மயங்குகிறார். அட்ரோபின் இங்கே பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் அது வேலை செய்வது கணுவில். தடை அதற்குக் கீழே. சிரை வழியாக ஒரு மின்கம்பியை வலது கீழறைக்குள் செலுத்தி, தற்காலிகப் பேஸ்மேக்கரால் துடிக்க வைக்க வேண்டும். அடைத்த குழாயைத் திறக்கும் வேலையும் கூடவே நடக்கும்.

கம்பி துடிப்பை மீட்டுத் தந்தாலும் ஆபத்து நீங்காததற்குக் காரணம் உண்டு. இரண்டு கிளைகளும் கெடும் அளவுக்கு, கீழறைகளுக்கு இடையே அவை இறங்கும் நடுச்சுவர் பாதிக்கப்பட்டிருந்தால், இடது கீழறையின் முன்தசையிலும் பெரும்பகுதி போயிருக்கும். சைகை சரியாக வந்தாலும், அதைக் கேட்டுச் சுருங்கத் தசை போதாது.